மீட்டர் 40 என்கிறது, தூக்கம் போய்விட்டது: மண்டப ஜெனரேட்டர் விவகாரம்

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 9, இரவு 1:52

ஒரே ஒரு கேள்வி. எங்கள் வீட்டுக்கு இரண்டு மனை தள்ளி ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நாளுக்கு முந்தின இரவு அங்கே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்தால் விடிந்த பிறகுதான் நிற்கும். சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். படுத்தால் தலையணைக்குள்ளிருந்து வருகிறது, எழுந்து அறை நடுவில் நின்றால் காணோம். மொபைலில் டெசிபல் பார்க்கும் ஆப் போட்டுப் பார்த்தேன். தலைமாட்டில் 40, அறை நடுவில் 40. இரண்டும் ஒன்று என்கிறது. என் காது பொய் சொல்கிறதா, மொபைல் பொய் சொல்கிறதா?

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 9, இரவு 2:20

சேர்க்க மறந்தது: மேலே ஃபேன் ஓடுகிறது. நிறுத்தினால் முனகல் இன்னும் தெளிவாகக் கேட்கிறது, கூடவே வேர்வையும். மனைவிக்கு என்னைவிட அதிகம் கேட்கிறது. அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது, டிவியை முப்பதில் வைத்துக் கேட்பவர். அவர் பக்கத்து அறையிலிருந்து “என்னடா அது, லாரி நிக்குதா?” என்று கேட்கிறார்.

ரூல்ஸ் ராமன், ஜூன் 9, காலை 7:05

குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல், பகலில் 55. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. உங்களுக்கு 40 வருகிறது. சட்டப்படி ஒன்றும் செய்ய முடியாது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள்.

மீட்டர்காரர், ஜூன் 9, காலை 9:40

ராமன் சொன்ன 45 சரி. ஆனால் அது அந்தப் பகுதியின் வெளிச்சூழலுக்கான அளவு, படுக்கையறைக்குள் தலைமாட்டுக்கு அல்ல. வீட்டுக்குள் 40 வந்ததால் எல்லாம் சரி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

வாசு, மொபைலை இந்த வேலைக்கு நம்ப வேண்டாம். பேச்சைப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்ட மைக் அது. காற்று இரைச்சல், கை உரசல் வரக் கூடாதென்று அடிச்சுருதியைப் பெரும்பாலான மாடல்களில் முன்பே வெட்டிவிடுவார்கள். நீங்கள் பார்த்த 40 உங்கள் ஃபேனுடையது.

ஆப்பில் அலைவரிசையைப் படமாகக் காட்டும் பகுதி இருந்தால் அதைத் திறந்து, எந்த ஹெர்ட்ஸில் கூர்மையாக மேலே குத்துகிறது என்று மட்டும் சொல்லுங்கள். எவ்வளவு உயரம் என்பது வேண்டாம், எந்த இடம் என்பது போதும்.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 10, இரவு 12:31

இன்றும் ஓடுகிறது. 50 ஹெர்ட்ஸில் ஒரு குச்சி நிற்கிறது. அதற்கப்புறம் 100-இல் ஒரு குட்டிக் குச்சி.

ஸ்பீக்கர் சேகர், ஜூன் 10, காலை 8:15

வீட்டில் கரண்டே 50 ஹெர்ட்ஸ்தான் சார். சார்ஜரில் போட்டபடி அளந்தீர்களா? கரண்ட் இரைச்சல் மைக்கில் ஏறியிருக்கும். என் ஆம்ப்ளிஃபயரில் பத்து வருஷமாக அந்தக் குச்சியோடு குடும்பம் நடத்துகிறேன்.

சாக்கில் என் கேள்வியும்: ராத்திரி வால்யூமைக் குறைத்துக் கச்சேரி கேட்டால் மிருதங்கத்தில் ‘கும்’ என்று அடிச்சுருதி தரும் இடப்பக்கம், அதாவது தொப்பி, காணாமல் போய், வலப்பக்கத்து வலந்தலை மட்டும் டக்டக்கென்று கேட்கிறது. ஸ்பீக்கரை மாற்றலாமா?

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 10, காலை 8:50

சார்ஜரில்தான் இருந்தது. அசடு வழிகிறது.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 11, காலை 6:10

அசடு வழிந்தது வீண் போகவில்லை. நேற்று ராத்திரி சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன், குச்சி நின்றது. காலை 5:20-க்கு ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். குச்சி அந்த நொடியே விழுந்தது. எங்கள் வீட்டுக் கரண்ட் அப்போதும் இருந்தது. ஆகவே இது மண்டபத்துச் சரக்குதான். இன்னொன்று: தலைமாட்டில் குச்சி உயரம், அறை நடுவுக்குக் கொண்டுபோனால் பாதிகூட இல்லை. கரண்ட் இரைச்சலாக இருந்தால் நான் நடப்பதற்கேற்ப ஏறி இறங்குமா?

டீசல் முருகேசன், ஜூன் 11, மதியம் 1:30

அம்பத்தூரில் இருபத்தாறு வருஷமா ஜெனரேட்டர் வேலை. தம்பி, அது நாலு சிலிண்டர் இன்ஜின். எப்படித் தெரியும்னா, 1500 ஆர்.பி.எம், அதாவது நொடிக்கு 25 சுற்று. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் ரெண்டு சுற்றுக்கு ஒரு தடவை வெடிக்கும். நாலு சிலிண்டருக்கு நொடிக்கு 50 வெடி. ஆறு சிலிண்டர்னா 75 வந்திருக்கும், மூணுன்னா 37 சில்லறை. சைலன்சர் வழியா வர்றது இந்த வெடிதான். பெட்டிக்குள்ள ஃபோம் ஒட்டியிருப்பாங்க, அது டப்பா இரைச்சலை எடுக்கும், இதை எடுக்காது.

இன்னொண்ணு பாருங்க. லோடு இல்லாதப்போ இன்ஜின் வேகத்தைப் பிடிச்சு வைக்கிற கவர்னர் 52-இல் நிக்கும், ஏ.சி எல்லாம் ஏறினா 50-க்கு இறங்கும். உங்க குச்சியும் அப்படி நகருதான்னு கவனிங்க. கரண்டு போர்டு சப்ளை அப்படியெல்லாம் ஆடாது.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 12, இரவு 11:48

முருகேசன் அண்ணே, பத்தரைக்கு 51-க்குக் கொஞ்சம் மேலே நின்றது. இப்போது சரியாக 50. ரிசப்ஷன் ஹால் ஏ.சி ஏறிவிட்டது போல. வீட்டுக்குள் உட்கார்ந்தே அங்கே எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

ரூல்ஸ் ராமன், ஜூன் 13, காலை 7:30

படித்துப் பார்த்தேன். மீட்டர்கள் ‘ஏ’ கணக்கு என்று ஒன்றைப் போட்டு அடிச்சுருதியைக் கழித்துவிடுகின்றன. 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழிகிறது. அப்படியென்றால் வாசு வீட்டில் உண்மையான சத்தம் 40 அல்ல, 70! காதில் பஞ்சு என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இது மோசடி.

மீட்டர்காரர், ஜூன் 13, மாலை 6:20

ராமன் பாதி தூரம் வந்துவிட்டார், மீதிப் பாதியில் இடறிவிட்டார். நிதானமாக எழுதுகிறேன்.

மீட்டர் கழிப்பது உண்மை. 50 ஹெர்ட்ஸில் 30, 100 ஹெர்ட்ஸில் 19, 1000-இல் ஒன்றும் இல்லை. ஆனால் காதும் கழிக்கிறதே. காது நன்றாக உள்ள இளவயதுக்காரருக்கு அமைதியான அறையில் 1000 ஹெர்ட்ஸ் ஓசை 2 டெசிபல் சுமாருக்கே கேட்க ஆரம்பித்துவிடும். அதே ஆளுக்கு 50 ஹெர்ட்ஸ் கேட்க 44 வேண்டும், 20 ஹெர்ட்ஸுக்கு 78. அந்தந்த அளவுக்குக் கீழே காற்று அதிர்கிறது, காதுக்கு ஒன்றுமில்லை. எனவே ‘கழிக்காத 70’ காதுக்குக் கேட்கும் 70 இல்லை.

சத்தத்தின் உணர்வை அளக்க ஃபோன் என்று ஓர் அலகு உண்டு (கைபேசி இல்லை, சேகர் கிண்டல் செய்ய வேண்டாம்). 1000 ஹெர்ட்ஸில் 40 டெசிபல் எவ்வளவு சத்தமாகத் தோன்றுகிறதோ அது 40 ஃபோன். அதே அளவு சத்தமாகத் தோன்ற 50 ஹெர்ட்ஸுக்கு எவ்வளவு வேண்டும்? ஆட்களை உட்காரவைத்து, ‘இதுவும் அதுவும் சமமா’ என்று கேட்டுக் கேட்டுக் கோடு போடுவார்கள். 1933-இல் பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் செய்தது அதைத்தான். பிறகு பலர் திரும்பச் செய்தார்கள். 2003-இல் ISO 226 தரநிலையைத் திருத்தியபோது அடிச்சுருதிப் பக்கம் கோடுகள் கணிசமாக மேலே போயின. அந்தத் திருத்தத்தின்படி 50 ஹெர்ட்ஸில் 20 ஃபோனுக்கு 64 டெசிபல், 40-க்கு 78, 60-க்கு 90.

இப்போது ‘ஏ’ கழிவை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 78-இல் 30 போனால் 48. மீட்டர் 48 என்கிறது, காது 40 என்கிறது. அதாவது மெல்லிய சத்தத்தில் மீட்டர் 50 ஹெர்ட்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை, கூட்டிச் சொல்கிறது! 90-இல் 30 போனால் 60, காதும் 60, இரண்டும் ஒத்துப்போகின்றன. அதற்கும் மேலே போகப் போகத்தான் மீட்டர் குறைத்துச் சொல்ல ஆரம்பிக்கும். மண்டபத்துக்குள் பாட்டுக்கச்சேரி ஸ்பீக்கர் முன்னால் நிற்பவர் ‘ஏ மீட்டர் மோசடி’ என்று சொல்லலாம். தலையணையில் படுத்திருக்கும் வாசு அந்த வாதத்தைச் சொல்ல முடியாது.

‘ஏ’ கழிவு மெல்லிய சத்தத்துக்காகத்தான் போடப்பட்டது, பழைய 40 ஃபோன் கோட்டைப் பார்த்து. ஓங்கிய சத்தத்துக்கு வேறு கழிவுகள் இருந்தன. பின்னாளில் எல்லாவற்றுக்கும் ‘ஏ’ என்று பழகிவிட்டது.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 13, இரவு 9:05

சார், அப்படியென்றால் எனக்கு நியாயமே இல்லையா? மீட்டர் கூட்டியே சொல்கிறது, நான்தான் கூச்சல் போடுகிறேன் என்கிறீர்களா?

மீட்டர்காரர், ஜூன் 13, இரவு 9:22

அப்படிச் சொல்லவில்லை. மீட்டர் தப்புவது நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை என்கிறேன். நான் நங்கநல்லூர்தான். அடுத்த முகூர்த்தத்துக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு வருகிறேன். காபி உங்கள் செலவு.

ஸ்பீக்கர் சேகர், ஜூன் 14, காலை 10:11

என் தொப்பி?

மீட்டர்காரர், ஜூன் 14, காலை 11:00

உங்கள் தொப்பியும் அதே கோடுகளில்தான் தொலைந்தது. பகலில் 60 அளவில் கேட்கும்போது 50 ஹெர்ட்ஸில் 90 வந்துகொண்டிருந்தது என்று வையுங்கள், இரண்டும் சமமாகத் தோன்றும். ராத்திரி வால்யூமை 20 இறக்கினீர்கள். மேல்சுருதி 40-க்கு வந்தது. அடிச்சுருதி 70-க்கு வந்தது. ஆனால் சமமாக ஒலிக்க அதற்கு 78 வேண்டுமே. 8 குறைவு. காதுக்கு அது 30 ஃபோன்கூட இல்லை. வால்யூம் குமிழ் எல்லாவற்றையும் ஒரே அளவு இறக்குகிறது, காது அப்படி இறக்குவதில்லை. பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ‘லவுட்னெஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்குமே, அது இதற்குத்தான். ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம்.

ஸ்பீக்கர் சேகர், ஜூன் 14, காலை 11:04

அந்தப் பொத்தானைச் சத்தத்தைக் கூட்டத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து, கல்யாணத்துக்கு மட்டும் அழுத்திக்கொண்டிருந்தேன்.

கோமதி, ஜூன் 15, மாலை 4:45

வாசு, உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதைப் பார்த்துவிட்டு வந்தேன். என் மாமியாரும் இதே மாதிரி ‘உறுமுது உறுமுது’ என்று மூன்று மாதம் சொன்னார். காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனோம். மேல்சுருதி நிறைய போய்விட்டது, கீழே நார்மல் என்றார்கள். “பாட்டிக்கு மனப்பிரமை” என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டோம். பிறகு கீழ்வீட்டு நீரேற்றும் மோட்டாரைக் கழற்றி மாற்றினார்கள், அன்றோடு உறுமல் நின்றது. இன்றும் அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

மீட்டர்காரர், ஜூன் 15, இரவு 8:10

வயதில் முதலில் போவது மேல்சுருதி. அடிச்சுருதி பெரும்பாலும் நிற்கும். இன்னும் ஒன்று: அந்தப் பரிசோதனை வழக்கமாக 250 ஹெர்ட்ஸில், சில இடங்களில் 125-இல் தொடங்கும். அதற்குக் கீழே யாரும் சோதிப்பதே இல்லை. 50 ஹெர்ட்ஸைப் பற்றி அந்தத் தாளில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

நான் சொன்ன 44 கூட நடுவாந்தரக் கணக்கு. பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவிலேயே கேட்கும், பாதிப் பேருக்கு அதிகம் வேண்டும். ஒரே கட்டிலில் படுத்திருக்கும் இரண்டு பேருக்குள் 5, 10 டெசிபல் வித்தியாசம் சாதாரணம். வாசுவின் மனைவிக்கு அதிகம் கேட்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 24, இரவு 2:35

மீட்டர்காரர் வந்துவிட்டுப் போனார். மனைவி, அம்மா, நான், அவர், நான்கு பேரும் நள்ளிரவில் படுக்கையறையில் சுவரோரம் தலையை வைத்து நின்றுகொண்டிருந்தோம். ஜன்னல் வழியாக யாராவது பார்த்திருந்தால் வேறு ஏதோ நினைத்திருப்பார்கள். எண்களை மறக்குமுன் எழுதுகிறேன்.

ஃபேன் ஓடுகிறது, ‘ஏ’ கணக்கு: தலைமாட்டில் 42, அறை நடுவில் 40.

அப்புறம் மீட்டரில் 50 ஹெர்ட்ஸ் பட்டையை மட்டும், கழிவு எதுவும் இல்லாமல் பிரித்துக் காட்டினார்: தலைமாட்டில் 68, அறை நடுவில் 53.

முதல் கணக்கில் இரண்டு. இரண்டாம் கணக்கில் பதினைந்து. அதே அறை, அதே நிமிடம்.

அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டியது: ஃபேன் மட்டும் 40. ஜெனரேட்டர் தலைமாட்டில் 68, கழிவு போக 38. டெசிபலைச் சாதாரணமாகக் கூட்ட முடியாது, 40-ஐயும் 38-ஐயும் சேர்த்தால் 42. நடுவில் ஜெனரேட்டர் 53, கழிவு போக 23. 40-உடன் 23 சேர்ந்தால் 40-தான், யானையோடு எலியையும் சேர்த்து எடை போட்ட மாதிரி. எனவே அந்த ஒற்றை எண் இரண்டு இடத்திலும் ஃபேனைத்தான் அளந்துகொண்டிருக்கிறது. நான் கேட்பது ஃபேனை அல்ல.

ஃபேனை நிறுத்தி அளந்தோம். தலைமாட்டில் 38 சில்லறை, நடுவில் 31. இப்போது ‘ஏ’ கணக்கிலேயே வித்தியாசம் தெரிகிறது! “புகார் கொடுக்க அளந்தாலும் ஃபேனை நிறுத்திவிட்டு அள” என்றார். ஐந்து நிமிஷம்தான், அம்மா விசிறி கேட்டுவிட்டார்.

மீட்டர்காரர், ஜூன் 24, காலை 10:15

ஒரு திருத்தமும் ஒரு சேர்க்கையும்.

திருத்தம்: 68 டெசிபல் என்பது 26 ஃபோன் சுமார். பெரிய சத்தம் இல்லை. யாரும் ‘வாசு வீட்டில் 68 டெசிபல்’ என்று போஸ்டர் அடிக்க வேண்டாம். 53 என்பது கேட்கும் எல்லைக்கு ஒரு 9 மேலே, கவனித்தால் உண்டு, கவனிக்காவிட்டால் இல்லை.

சேர்க்கை: 26 ஃபோன் மட்டுமே இருக்கும் சத்தம், 40 காட்டும் ஃபேனுக்குள் ஏன் மூழ்கவில்லை என்று வாசு கேட்டார், அப்போது தூக்கக் கலக்கத்தில் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரு சத்தம் இன்னொன்றை மறைக்க வேண்டுமானால் அதே சுருதிப் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது கீழே இருக்க வேண்டும். அடிச்சுருதி மேல்சுருதியை மறைக்கும், மேல்சுருதி அடிச்சுருதியை அவ்வளவாக மறைக்காது. ஃபேனின் காற்றிரைச்சல் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே. 50 ஹெர்ட்ஸ் அதற்கடியில் தனியாகப் படுத்திருக்கிறது. மீட்டர் இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கிளறி ஒரு எண் தருகிறது. காது கிளறுவதில்லை.

ராமனுக்கு: ‘சி’ கணக்கு என்று ஒன்று உண்டு, அது 50 ஹெர்ட்ஸில் 1 சில்லறைதான் கழிக்கும். தலைமாட்டில் ‘சி’ 67, ‘ஏ’ 42. இரண்டுக்கும் இடையில் 25. இந்த இடைவெளி 15, 20-ஐத் தாண்டினால் அடிச்சுருதிப் பக்கம் ஏதோ இருக்கிறது, பிரித்துப் பார் என்று அர்த்தம். அதுவே தீர்ப்பு ஆகாது, கிளறிய பானையைத் திறக்கச் சொல்லும் குறிப்பு.

ரூல்ஸ் ராமன், ஜூன் 24, மதியம் 12:40

ஜெனரேட்டருக்கும் தனி விதி உண்டு. மூடிய பெட்டியிலிருந்து 1 மீட்டரில் 75. அதைப் பிடித்துக் கேட்கலாமே?

மீட்டர்காரர், ஜூன் 24, மதியம் 1:15

கேட்கலாம், அதுவும் ‘ஏ’ கணக்குதான். அந்த 1 மீட்டரில் 50 ஹெர்ட்ஸ் மட்டும் 95 இருக்கிறது என்று வையுங்கள். கழிவு போக 65. மற்ற இரைச்சல் 74-இல் இருந்தால் இந்த 65 சேர்ந்து 74.5 ஆகும். பெட்டி பாஸ். ஆனால் மதில், ஜன்னல் எல்லாம் மேல்சுருதியை நிறுத்திவிட்டு 95-ஐத்தான் அதிகம் உள்ளே விடும்.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 24, இரவு 10:30

அறை நடுவில் ஏன் காணாமல் போகிறது என்று எழுதவில்லையே. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

கிழக்குச் சுவருக்கும் மேற்குச் சுவருக்கும் இடையே டேப் வைத்தார். மூன்றரை மீட்டர். “இந்த வெக்கையில் காற்றில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும், 50 ஹெர்ட்ஸ் அலை 7 மீட்டர் நீளம், அதில் சரிபாதி உன் அறை” என்றார். அலை இரண்டு சுவருக்கும் இடையில் போய்வந்து தன்மேலேயே தான் ஏறி, சுவரோரம் அழுத்தம் பெருகி, நடுவில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடுகிறதாம். எங்கள் கட்டிலின் தலைமாடு கிழக்குச் சுவரில். அதாவது வீட்டிலேயே மிக மோசமான இடத்தைத் தேடிப் பிடித்துத் தலையணை போட்டிருக்கிறோம். மண்டபத்தில் ஆறு சிலிண்டர் இன்ஜின் வாங்கியிருந்தால், அல்லது எங்கள் கொத்தனார் சுவரை அரை மீட்டர் தள்ளிக் கட்டியிருந்தால், இந்த இழையே இருந்திருக்காது.

டீசல் முருகேசன், ஜூன் 25, காலை 7:50

அப்போ லோடு ஏறி 50-க்கு இறங்கும்போதுதான் ரூம் பிடிச்சுக்குது. 52-இல் ஓடினா உங்களுக்கு நிம்மதியா?

மீட்டர்காரர், ஜூன் 25, காலை 9:00

ஒன்றிரண்டு ஹெர்ட்ஸுக்கு அவ்வளவு மாறாது என்றுதான் நினைக்கிறேன். ஜன்னல், கதவு, மெத்தை எல்லாம் சேர்ந்து அந்த ஒத்திசைவை மழுக்கிவிடும். வாசு குறித்துவைத்தால் தெரியும்.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 27, காலை 6:40

கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போட்டேன். ஒரு பலனும் இல்லை.

மீட்டர்காரர், ஜூன் 27, காலை 8:30

ஒரு முழத்துக்கு ஒன்றும் ஆகாது. சுவரிலிருந்து 90 சென்டிமீட்டர் வந்தால்கூட 3 டெசிபல்தான் குறையும். 1.4 மீட்டருக்கு வந்தால் 10. நடுவில்தான் குழி, அதுவும் குறுகல். கட்டிலை இழுக்காதீர்கள், திருப்புங்கள். தெற்கு அல்லது வடக்குச் சுவரில் தலை, கிழக்கு மேற்குக்குச் சரிநடுவில்.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 27, காலை 9:10

வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அம்மா. தெற்குச் சுவரில் பீரோ நிற்கிறது. அதற்குள் கல்யாணப் பட்டுப்புடவைகள், என் பத்தாம் வகுப்புச் சான்றிதழ், இரண்டு பித்தளை அண்டா.

கோமதி, ஜூன் 27, காலை 9:25

காதில் அடைப்பான் வைத்துக்கொண்டால் போதாதா? மருந்துக்கடையில் ஃபோம் உருண்டை கிடைக்கிறது.

மடிப்பாக்கம் வாசு, ஜூன் 27, இரவு 11:55

வைத்துப் பார்த்தேன். ஃபேன் இரைச்சல் போனது, நாய் குரைப்பு போனது, முனகல் மட்டும் பாக்கி. கும்பலில் நின்ற ஆளை மேடையேற்றி மைக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. பத்து நிமிஷத்தில் பிடுங்கி எறிந்தேன்.

மடிப்பாக்கம் வாசு, ஜூலை 7, காலை 7:15

பீரோவை நகர்த்தியாயிற்று. தம்பியும் நானும், இடுப்பு இன்னும் நேராகவில்லை. தலை தெற்கே.

இதில் ஒரு சிக்கல்: குழி ஒன்றுதான், ஆட்கள் இருவர். கட்டிலைச் சரிநடுவில் போட்டால் இருவரும் நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் படுக்க முடியும். மனைவிக்குத்தான் அதிகம் கேட்கிறது, எனவே அவள் தலை குழியில் வரும்படி கட்டிலைத் தள்ளிப் போட்டோம். எனக்கு ஒரு 3, 4 டெசிபல்தான் குறைந்திருக்கும். அவள் நேற்று ராத்திரி எழவில்லை. நான் எழுந்தேன். ஆனால் பழையபடி தலையணைக்குள்ளிருந்து வருவதாக இல்லை, எங்கேயோ தெருவில் இருப்பதாகத் தோன்றியது. பழக்கமா, டெசிபலா, ‘நாமும் ஏதோ செய்துவிட்டோம்’ என்ற திருப்தியா, சத்தியமாகத் தெரியவில்லை.

அம்மா அறையில் ஒன்றும் மாறவில்லை. அவர் அறை 3 மீட்டர்தான், அங்கே ஏன் கேட்கிறது என்று மீட்டர்காரரிடம் கேட்க வேண்டும். முகூர்த்தம் முடியப் போகிறது.

டீசல் முருகேசன், ஜூலை 8, மதியம் 2:05

நேத்து அந்தப் பக்கம் வேற வேலையா வந்தேன், மண்டபத்து மேனேஜர்கிட்ட பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். பெட்டி நல்லா இருக்கு. சைலன்சர் சின்னது, கம்பெனியோட வந்தது. குழாய் வாய் நேரா உங்க தெருவைப் பார்க்குது. அதைவிட, குழாயைச் சுவரில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்காங்க, நடுவில் ரப்பர் எதுவும் இல்லை. அந்தச் சுவர்தான் உங்க பக்கத்து மனையோட பொதுச் சுவர். அம்மா ரூமுக்கு அது மண்ணு வழியா, சுவர் வழியா போகுதோ என்னமோ. பெரிய சைலன்சர், குழாயை மேலே திருப்பணும், கிளாம்புக்கு ரப்பர். மேனேஜர் “ஆடியில் பார்க்கலாம்”னார்.

மீட்டர்காரர், ஜூலை 8, மாலை 7:00

முருகேசன் சொல்வது சாத்தியம்தான். அம்மா அறைச் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், காற்றில் கேட்பதைவிட எலும்பில் அதிகம் தெரிந்தால் சுவர் வழி. அறுதியிட்டுச் சொல்ல அதிர்வு மானி வேண்டும், என்னிடம் இல்லை. யாரும் ‘அறையில் ஃபோம் ஒட்டினால் போச்சு’ என்று வாசுவுக்கு விற்க வந்தால் துரத்துங்கள். 7 மீட்டர் அலையை உறிஞ்ச ஒன்றே முக்கால் மீட்டர் கனத்துக்கு ஃபோம் வேண்டும். கட்டில் போட இடம் இருக்காது.

மடிப்பாக்கம் வாசு, ஜூலை 20, இரவு 10:20

ஆடி. மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. அமைதி. அமைதியில் இப்போது ஃப்ரிட்ஜ் கேட்கிறது.

மடிப்பாக்கம் வாசு, ஆகஸ்ட் 28, இரவு 1:10

ஆவணி முதல் முகூர்த்தம். குழாயை மேலே திருப்பியிருக்கிறார்கள், கிளாம்பில் ரப்பர் வைத்திருக்கிறார்கள். சைலன்சர் பழையதே. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். பதினொன்றரைக்கு “இன்னிக்கு லாரி தூரமா நிக்குதே” என்றார். என் பக்கத்தில் குச்சி இன்னும் நிற்கிறது, முன்னைவிடக் குட்டை. மொபைல் ஆப் வழக்கம்போல 40.

பீரோ புது இடத்தில் கதவு பாதிதான் திறக்கிறது. பட்டுப்புடவையை எடுக்கக் கையை வளைத்து விட வேண்டியிருக்கிறது. மீட்டர்காரர் சார், மறுபடி ஒரு தடவை வருகிறீர்களா? காபி உண்டு.

ஸ்பீக்கர் சேகர், ஆகஸ்ட் 28, காலை 8:02

லவுட்னெஸ் பொத்தான் வேலை செய்கிறது. கீழ்வீட்டுக்காரர் நேற்று மேலே வந்து, “ராத்திரியில் உங்கள் வீட்டில் ஏதாவது மோட்டார் ஓடுகிறதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.